பலகையை எடுத்தால் நாலு வருடம்

"அந்த ரெண்டாவது பையன் யாரு? அடுத்த கஸ்டமரா?"

எங்கள் குறும்படத்தின் முதல் வெட்டை, அதாவது முதன்முதலாக எடிட் செய்த வடிவத்தை, போட்டுக் காட்டியபோது ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் இதையே வேறு வேறு மாதிரி கேட்டார்கள். ஐந்தாமவர் கேட்கவில்லை, அவர் கதை எழுதியவனின் தம்பி, முன்பே எல்லாம் தெரியும்.

படம் ஒன்பது நிமிடம். ஒரு சின்ன ஊர் சலூன் கடை. ஏழு வயதுப் பையனை அப்பா முடிவெட்டக் கூட்டி வருகிறார். பையன் நாற்காலியில், அப்பா பின்னால் பெஞ்சில் பேப்பரோடு. அவன் வளர்கிறான், அப்பா வயதாகிறார், ஒருநாள் அப்பா இல்லை. பதினேழு வருடம். வசனத்தில் எதையும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தோம். "பத்து வருடங்களுக்குப் பிறகு" என்று எழுத்துப் போடுவதும் கிடையாது. எல்லாமே வெட்டில் நடக்க வேண்டும்.

நான் எடிட்டர். அதற்கு முன்னால் கல்யாண வீடியோக்கள் நிறைய வெட்டியிருக்கிறேன், குறும்படம் இரண்டு. மேட்ச் கட் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் சட்டென்று பதில் சொல்லியிருப்பேன்: முந்தின ஷாட்டில் இருக்கும் வடிவமோ அசைவோ அடுத்த ஷாட்டிலும் அதே இடத்தில் தொடர வேண்டும், இடமும் காலமும் மாறியிருக்க வேண்டும். ஓடுகிற சின்னப் பையனின் கால் ஓட ஓடவே பெரிய ஆளின் கால் ஆகிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். அதனால் எனக்கு எளிதாகத் தோன்றியது ஒரு வழி. சலூன்காரர் வெள்ளைத் துணியை உதறுகிறார், துணி விரிந்து ஃபிரேமை மூடுகிறது, இறங்கும்போது நாற்காலியில் பெரிய பையன். வெட்டு கச்சிதமாக விழுந்தது. துணியின் வேகம், மடிப்பு, வெளிச்சம் எல்லாம் பொருந்தின. அதில்தான் நான்கு பேர் ஏமாந்தார்கள்.

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. சலூனில் துணியை உதறுவது ஒவ்வொரு ஆளுக்கும் நடப்பது. உதறினால் அடுத்த ஆள் என்றுதான் அர்த்தம். நான் "அதே ஆள், பல வருடம் கழித்து" என்று சொல்ல நினைத்த இடத்தில், அந்த அசைவு தன் சொந்த அர்த்தத்தைச் சொல்லிவிட்டது. ஓடுகிற கால் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு ஓட்டம் என்பது ஒரே ஆளுடையது, நடுவில் ஆள் மாற வழியில்லை. எந்த அசைவை வைத்து வெட்டுகிறோமோ அந்த அசைவு நிஜ வாழ்க்கையில் என்ன சொல்கிறது என்று பார்க்காமல், திரையில் எப்படிப் பொருந்துகிறது என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

அதே ஆள்தான் என்று காட்ட ஏதாவது ஒன்று வேண்டும். கதை எழுதியவனுக்கு முதலில் தோன்றியது இரட்டைச் சுழி. சலூன்காரரும் "ரெட்டச் சுழிடா, ரெண்டு பொண்டாட்டி" என்று கிண்டல் செய்யலாம், பார்ப்பவருக்கு மனதில் நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் வேறு வேறு வயதுக்கு மூன்று நடிகர்கள், மூன்று பேருக்கும் இரட்டைச் சுழி வேண்டும். தெருவில் கிடைத்த பையன்கள் தலையையெல்லாம் குனியச் சொல்லிப் பார்த்தோம். ஒருவனுக்கு இருந்தது, அவன் நடிக்க மாட்டேன் என்று அழுதான்.

கடைசியில் விடை கடைக்காரரிடமிருந்தே வந்தது. கடை அவருடையது, படத்தில் சலூன்காரராக நடித்ததும் அவர்தான். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடமாக ஒரே தெருவில் கத்திரி பிடிப்பவர். "தம்பி, தலைய வச்சு நான் ஆள அடையாளம் வச்சுக்க மாட்டேன். பிடரியில கத்தி பட்டா எவன் எப்படி நெளியுறான்னு தெரியும். அது சின்ன வயசுல எப்படியோ, கெழவனாகுற வரைக்கும் அப்படியேதான்" என்றார்.

அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். பையனுக்குப் பிடரியில் கத்தி பட்டால் வலது தோள் காதுவரை ஏறும், கண் இறுகும். மூன்று நடிகர்களுக்கும் இதை மட்டும் சொல்லிக்கொடுத்தோம். சின்னவனுக்குப் பழக்கத் தேவையே இருக்கவில்லை, நிஜமாகவே கூசியது. மற்ற இரண்டு பேரும் அவனுடைய வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். முகச்சாயல் மூன்று பேருக்கும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. ஆனால் இந்தத் தோள் வந்த பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முகம் ஒத்துப்போகும் நடிகர்களைத் தேடி ஒரு மாதம் போயிருந்தது, அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இனி மாண்டேஜ், பல வருடத்தைச் சில நொடிகளில் சொல்லும் ஷாட் வரிசை. ஏழு, ஒன்பது, பதின்மூன்று, பதினேழு, இருபத்து நான்கு என்று ஐந்து வயது, ஐந்து முடிவெட்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்தப் பலகை. சலூன்களில் பார்த்திருப்பீர்கள், சின்னப் பிள்ளைகள் வந்தால் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகள் மேலும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் உட்காரவைப்பார்கள். குனியாமல் வெட்டுவதற்காக, தலை அவர் கை உயரத்துக்கு வர வேண்டும் என்று. அப்படியானால் என்ன? ஏழு வயதுப் பையன் பலகை மேல் உட்கார்ந்தால் தலை எங்கே இருக்கிறதோ, அநேகமாக அங்கேதான் பலகை இல்லாமல் உட்காரும் பெரிய ஆளின் தலையும் இருக்கும். கேமராவை நகர்த்தவே வேண்டாம். மேட்ச் கட்டுக்கு நாம் செய்ய வேண்டிய வேலையைச் சலூன்காரர்கள் என்றைக்கோ செய்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் வெட்டைத் துணியிலிருந்து பலகைக்கு மாற்றினோம். ஒன்பது வயதில் பையன் பலகை மேல் ஏறப் போகிறான். அண்ணன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பலகையை உருவி எடுத்துச் சுவரில் சாய்க்கிறார். பலகை ஃபிரேமை விட்டு வெளியேறும் அசைவிலேயே வெட்டு. அடுத்த ஷாட்டில் பதின்மூன்று வயதுக்காரன் இருக்கையில் உட்கார்ந்து முடிக்கிறான், தலை அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. பலகை தேவைப்படாத ஆள் என்றால் வளர்ந்துவிட்டான் என்றுதான் பொருள். இந்த அசைவுக்கு வேறு அர்த்தம் இல்லை. துணி உதறலில் இல்லாதது இதுதான்.

ஐந்தையும் ஒரே நாளில் எடுத்தோம். கேமரா ட்ரைபாடில் பூட்டியது பூட்டியபடி. ஆட்களை மட்டும் மாற்றினோம். லென்ஸ் 50 மில்லிமீட்டர். தரையில் ட்ரைபாடின் மூன்று கால்களுக்கும் டேப், நாற்காலியின் அடிவட்டத்துக்கும் டேப். சுழலும் நாற்காலி என்பதால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கும் ஒரு சாக்பீஸ் கோடு. லென்ஸின் நடுப்பகுதி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்டோம், எப்போதாவது கழற்ற வேண்டியிருந்தால் என்று. கடையில் ட்யூப்லைட், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. இல்லாவிட்டால் பின்சுவர் துடிக்கும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடவில்லை. விட்டால் சட்டை நிறம் மாறும்போதெல்லாம் சுவர் நிறமும் கொஞ்சம் மாறி, ஷாட்டுகளை அடுக்கும்போது தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு டீ குடிக்கப் போனோம். யாரோ ட்ரைபாட் காலைத் தட்டியிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மதியத்துக்குப் பிறகு எடுத்தது எல்லாம் இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மானிட்டரில் கண்ணுக்குத் தெரியாது. எடிட்டில் மேல் டிராக்கில் காலை ஷாட்டை வைத்து, இன்ஸ்பெக்டரில் Opacity அளவை 50 ஆக்கியதும் தெரிந்தது: கண்ணாடிச் சட்டம் இரண்டு கோடாகப் பிரிந்து நின்றது. 4K-வில் எடுத்து, படத்தை அதில் பாதி அளவு டைம்லைனில் முடித்ததால் பிழைத்தோம். ஷாட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி நகர்த்தி வைத்தேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம்: மேட்ச் பண்ண வேண்டிய ஷாட் என்றால் முதல் டேக்கின் ஒரு ஸ்டில்லை எடுத்து, படப்பிடிப்புத் தளத்திலேயே லேப்டாப்பில் அடுத்ததன் மேல் பாதித் தெளிவில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. லேப்டாப் இல்லாத நாளில் மானிட்டர் மேல் கண்ணாடித்தாளை ஒட்டி, முகத்தின் கோட்டையும் கண் இருக்கும் இடத்தையும் மார்க்கரால் வரைந்துகொள்வோம். அதுவே போதும்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்காலிக்குப் பின்னாலிருந்து, கண்ணாடிக்குள் தெரியும் பையனைத்தான் எடுத்தோம். அப்போதுதான் பெஞ்சில் அப்பாவும் தெரிவார். ஆனால் பதினேழு வயது ஷாட்டில் நடிகன் நல்ல உயரம், கண்ணாடியில் கேமரா எட்டிப் பார்த்தது. ஒளிப்பதிவு நண்பன் அதை மட்டும் சுவரோரம் போய் நேரே முகத்தைப் பார்த்து எடுத்துவிட்டான். எடுக்கும்போது யாருக்கும் உறைக்கவில்லை. அடுக்கிப் பார்த்தால், அதுவரை ஃபிரேமின் வலப்பக்கம் ஏறிய தோள் நான்காவதில் இடப்பக்கம் ஏறுகிறது. கண்ணாடியில் நம் வலது கை நம் வலப்பக்கமே இருக்கும். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது இடப்பக்கம். மாண்டேஜ் முழுவதும் அந்தத் தோளை நம்பி இருக்கிறது, அது திடீரென்று கட்சி மாறினால் எப்படி?

ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போடலாம், ஒரு பட்டன்தான். "காலண்டர் எழுத்து தலைகீழா போயிடுமே" என்று நண்பன் பயந்தான். பிறகுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. மற்ற நான்கு ஷாட்டிலும் காலண்டர் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது, எழுத்து ஏற்கெனவே இடவலம் மாறித்தான் தெரிகிறது. நேரே எடுத்ததில்தான் அது ஒழுங்காக இருந்தது. திருப்பியதும் கத்திரி பிடித்த கை, சட்டைப் பை, காலண்டர் எல்லாம் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டன. இதில் தப்பித்தது அதிர்ஷ்டம். கண்ணாடி இல்லாத இடமாக இருந்திருந்தால் எழுத்துகள் காட்டிக் கொடுத்திருக்கும்.

அந்தக் காலண்டர் தனிக்கதை. ஐந்து வருடத்துக்கு ஐந்து தினசரி காலண்டர் அட்டைகளை டிசைன் செய்து அச்சடித்தோம், ஒரு நாள் வேலை. கூடவே ரேடியோவை மாற்றினோம், டேப் ரெக்கார்டர் வைத்தோம், பவுடர் டப்பாவை மாற்றினோம், சுவருக்குப் புது வண்ணம் அடித்தோம். படம் பார்த்த யாரும் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. சொல்லாதது பிரச்சினை இல்லை; பார்வையாளர் அதைத் தேடிக் கண்ணை அலையவிட்டதுதான் பிரச்சினை. இரண்டு நொடி ஷாட்டில் பத்துப் பொருள் மாறினால் கண் எதைப் பிடிக்கும்? அப்பாவை விட்டுவிட்டு ரேடியோவைப் பார்த்தார்கள். அடுத்த வெட்டில் பொருட்கள் கண்ணில் படாத டேக்குகளாகத் தேர்ந்தெடுத்தேன். மூன்று விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். மாறாதது, பையனின் தலை இருக்கும் இடமும் தோளும். ஒரே திசையில் மெல்ல மாறிக்கொண்டே போவது, பெஞ்சில் அப்பா: முதலில் பேப்பரை விரித்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், பிறகு பேப்பரை நாலாக மடித்து முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துப் படிக்கிறார், பிறகு மூக்குக்கண்ணாடி, கடைசியில் பேப்பர் மடியில் கிடக்கத் தூங்குகிறார். மூன்றாவது, அண்ணனின் தலைமுடி. அவர் எப்படியும் ஃபிரேமில் இருக்கிறார், நரைக்காமல் விட முடியாது. அவருக்கு நரைத்த தலைதான் நிஜம், முதல் மூன்று ஷாட்டுக்கும் டை அடித்து எடுத்துவிட்டு, கழுவிவிட்டு மற்றதை எடுத்தோம். டை முழுதாகப் போகவில்லை. அதனால் பதினேழு வயது ஷாட்டில் அவர் பாதி நரையாகத் தெரிகிறார், நாங்கள் திட்டமிட்ட மாதிரி.

நீளம். மாண்டேஜின் முதல் வெட்டில் ஒவ்வொரு ஷாட்டும் சரியாக 50 ஃபிரேம், அதாவது இரண்டு நொடி. கல்யாண ஆல்பம் மாதிரி இருந்தது. பழக்கதோஷம். கூடவே ஒவ்வொரு வெட்டிலும், ஒரு ஷாட் மங்க மங்க அடுத்தது தெளியும் டிசால்வ் போட்டிருந்தேன், காலம் போகிறது என்றால் டிசால்வ்தான் என்று யாரோ எப்போதோ சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1962-இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில் தீக்குச்சியை ஊதி அணைத்ததும் பாலைவனச் சூரிய உதயத்துக்குப் போகும் வெட்டு இருக்கிறதே, அது திரைக்கதையில் டிசால்வாகத்தான் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் டிசால்வை லேப்தான் செய்து தரும்; எடிட்டிங் மேஜையில் ஃபிலிமின் மேல் பென்சிலால் குறி போட்டுவிட்டு இரண்டு துண்டையும் நேராக ஒட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். எடிட்டர் ஆன் வி. கோட்ஸ் அப்படி ஓட்டிப் பார்த்தபோதுதான் நேர்வெட்டே நன்றாக இருப்பது தெரிந்தது. நானும் டிசால்வை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தேன். டிசால்வில் இரண்டு முகமும் கொஞ்ச நேரம் கலந்து நிற்கும், அப்போது மூன்று நடிகர்களின் மூக்கும் தாடையும் ஒன்றுக்கொன்று பொருந்தாதது நன்றாகத் தெரிந்தது. நேர்வெட்டில் ஒப்பிட நேரமே இல்லை.

பிறகு நீளத்தை இறக்கிக்கொண்டே போனேன்: 125 ஃபிரேம், 100, 75, 50. முதல் ஷாட்டுக்கு ஐந்து நொடி ஏன் என்றால், எங்கே என்ன இருக்கிறது, தோள் எப்படி ஏறுகிறது, பெஞ்சில் யார் என்று பார்ப்பவர் கற்றுக்கொள்வது அங்கேதான். இரண்டாவதில் பலகையை உருவும் காரியம் முழுதாக நடந்தாக வேண்டும், நான்கு நொடிக்குக் குறைத்தால் என்ன எடுத்தார் என்றே தெரியாது. மூன்றாவதுக்குள் ஆட்டத்தின் விதி புரிந்துவிடுகிறது, அப்புறம் வேகம் கூடினால் அவர்கள் நமக்கு முன்னால் ஓடுவார்கள். ஐந்தாவதும் இதே கணக்கில் 25 ஃபிரேமாக இருந்திருக்கும். ஆனால் அது வேறு வேலைக்காக 60 ஆனது.

அந்த வேலை, அப்பாவின் சாவு. நம் ஊர்ப் படங்களில் சாவு என்றால் விளக்கு அணையும், குங்குமம் கொட்டும். 1925-இல் ஐசன்ஸ்டைன் 'ஸ்ட்ரைக்' படத்தில் தொழிலாளர்கள் சுடப்படுவதையும் கசாப்புக் கூடத்தில் மாடு வெட்டப்படுவதையும் மாற்றி மாற்றி வெட்டினார். அந்த மாடு கதைக்குள் எங்கேயும் இல்லை, கருத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்தது. அந்தப் படத்தில் அது செல்லும். எங்கள் ஒன்பது நிமிடச் சலூனுக்குள் வெளியிலிருந்து ஏதாவது வந்தால் துருத்திக்கொண்டு நிற்கும் என்று தோன்றியது. அதனால் கடைக்குள் இருப்பதிலிருந்தே தேடினோம். கிடைத்தது மறுபடியும் வெள்ளைத் துணி! உதறுகிற சலூன் துணி, அடுத்த ஷாட்டில் அப்பாவின் உடல்மேல் போர்த்தப்படும் கோடித் துணி. எழுதிப் படித்தபோது எங்களுக்கே புல்லரித்தது.

அண்ணனிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கத்திரியைத் துடைத்துக்கொண்டே, "எங்க ஆளுங்களைக் காட்டினாலே சாவையும் சேர்த்துத்தான் காட்டணுமா தம்பி? கடைக்கு வர்றவனுக்கு நான் போடுற துணி சாவுத் துணி மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். ஊரில் சாவுக்கு அவர்கள் செய்ய வேண்டியிருந்த வேலைகள், அதை வைத்து அவர்களை நடத்திய விதம் எல்லாம் எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், இரண்டு வெள்ளை வடிவங்கள் பொருந்துகின்றன என்பதை மட்டும் பார்த்திருக்கிறோம். இரண்டு பொருளை அடுத்தடுத்து ஒட்டினால் இதுவும் அதுவும் ஒன்று என்று சொன்னதாக ஆகும். அப்படிச் சொல்ல நமக்கு விருப்பமா என்று முதலில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"வேற எப்படித்தான் காட்டுறது அண்ணே?" என்றான் கதை எழுதியவன்.

"தண்ணி தொட்டு வை. முடி வெட்டவும் தலையில தண்ணிதான், மொட்டைக்கும் தண்ணிதான். கை அதே கைதான்."

ஐந்தாவது ஷாட் அப்படித்தான் வந்தது. கிண்ணத்தில் விரல் நனைத்த அண்ணனின் கை இருபத்து நான்கு வயதுக்காரனின் உச்சந்தலையில் படுகிறது; வெட்டு; அதே கை, அதே தலை, ஆற்றங்கரைப் படித்துறை. காலமும் நகர்கிறது, முடிவெட்டும் மொட்டையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, எதையும் எதற்கும் உவமையாக்கவில்லை.

சலூனை மார்கழியில் எடுத்தோம், படித்துறையைத் திருவையாற்றில் தை மாதத்தில். மேட்டூரில் தண்ணீரை நிறுத்துவதற்குள் எடுக்க வேண்டும் என்ற அவசரம், ஜனவரிக் கடைசிக்கு மேல் காவிரியை நம்ப முடியாது. வந்து அடுக்கிப் பார்த்தால் கை எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. சலூனில் அண்ணன் பின்னால் நின்றார், கை ஃபிரேமின் வலப்பக்கத்திலிருந்து வந்தது. படித்துறையில் மொட்டை போடுபவர் எதிரே உட்காருவார், கை இடப்பக்கத்திலிருந்து வந்துவிட்டது. வெட்டில் கை ஒருபக்கமிருந்து வந்து தொட்டு, மறுபக்கமிருந்து தொட்டபடி இருந்தது. இரண்டு பேர் மாறி மாறித் தலையில் தட்டுவது போல. திருப்பிப் போடவும் முடியாது, பின்னால் ஆற்றின் ஓட்டமும் காலை வெயிலும் மாறிவிடும், அடுத்துவரும் அகலமான ஷாட்டோடு ஒட்டாது.

மறுபடி ஆற்றுக்குப் போக முடியாது. தண்ணீர் நின்றுவிட்டது. சலூன் தெருவிலேயே இருக்கிறது. ஆகவே நடிகனுக்கு முடியும் மீசையும் வளரும்வரை காத்திருந்து, சலூன் பக்கத்தை மறுபடி எடுத்தோம்: ஆற்று ஷாட்டின் ஸ்டில்லை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, அண்ணனை நாற்காலியின் மறுபக்கம் நிற்கவைத்து, கை அதே மூலையிலிருந்து அதே சாய்வில் வருமாறு ஒன்பது டேக். முதலில் இருந்தே இப்படி வரிசைப்படுத்தியிருக்கலாம். திரும்பிப் போக முடியாத இடத்து ஷாட்டை முதலில் எடுத்துவிட்டு, கையிலிருக்கும் இடத்து ஷாட்டை அதற்குப் பொருத்த வேண்டும். கதையில் எது முன்னால் வருகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வெட்டு எந்த ஃபிரேமில்? கை ஃபிரேமுக்குள் வந்து தலையைத் தொட 14 ஃபிரேம். கை பாதி வழியில் இருக்கும்போது வெட்டினால், அசைவுதான் தெரிந்தது, இடம் மாறியதே சிலருக்குப் படவில்லை. தொட்டு அமுக்கிய பிறகு வெட்டினால் இரண்டு தனித்தனிச் செயலாகிவிட்டது. தொடும் ஃபிரேமிலேயே வெட்டியபோது நன்றாக இருந்தது, ஆனாலும் ஏதோ ஒரு சின்னத் தடங்கல். ஆற்று ஷாட்டை இரண்டு ஃபிரேம் முன்னால் தொடங்கவைத்தேன், அதாவது கை தொடுவதற்குச் சற்று முன்னாலிருந்து. கணக்குப்படி அசைவு இரண்டு ஃபிரேம் திரும்ப நடக்கிறது, கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரிகிறது. வெட்டு விழும் கணத்தில் கண் புதுப் படத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது, அந்த இரண்டு ஃபிரேம் அதற்குக் கூலி. எல்லா வெட்டுக்கும் இதே இரண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலகையை உருவும் இடத்தில் திரும்ப நடக்கவைத்தால் திக்கியது, அங்கே நேராகவே விட்டேன்.

பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முதல் ஷாட்டின் கடைசி ஃபிரேமில் நிறுத்தி, கண் எங்கே நிற்கிறதோ அங்கே திரையில் விரலை வைத்து, ஒரு ஃபிரேம் தள்ளுவது. விரலுக்கு அடியில் பார்க்க வேண்டியது இருந்தால் சரி. இல்லாவிட்டால் கண் தேடிப் போகும், அந்தத் தேடலில் வெட்டின் அர்த்தம் சிந்திவிடும்.

ஆற்று ஷாட்டை 12 நொடி விட்டேன். முதலில் ஆறு நொடிதான் இருந்தது. மாண்டேஜில் இறங்கிவந்த வேகம் ஓரிடத்தில் நின்றால்தான் நின்றது தெரியும். இங்கேயும் ஒருவர் "எந்தக் கோயில்?" என்று கேட்டார். வேண்டுதல் மொட்டை என்று நினைத்துவிட்டார், நியாயம்தான். நல்லவேளை, ஐந்தாவது ஷாட்டில் நடிகனுக்கு மீசை இருந்தது, படித்துறையில் மீசையையும் எடுக்கும் டேக் எங்களிடம் இருந்தது. அதைச் சேர்த்ததும் அந்தக் கேள்வி வரவில்லை. அந்த 12 நொடிக்குள்தான் பிடரியில் கத்தி படுகிறது. அவன் தோள் ஏறவில்லை. அதற்காகத்தான் முன்னால் அத்தனை முறை ஏறியது. ஐந்தாவது ஷாட்டில் தோளைக் காட்டும் டேக்கும் இருந்தது, எடுத்துவிட்டேன். கை தொட்டதும் வெட்டிவிட வேண்டும், ஆசை தீரத் தோளைக் காட்டிக்கொண்டிருந்தால் கடைசியில் ஏறாதபோது கவனிக்கமாட்டார்கள் என்று பட்டது. இதில் இயக்குநருக்கு இன்னும் என்னோடு சம்மதமில்லை.

இரண்டாம் முறை காட்டியபோது புதிதாக மூன்று பேர். "புரிந்ததா?" என்று கேட்கவில்லை, கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கதையைச் சொல்லச் சொன்னேன். மூன்று பேரும் "அவங்க அப்பா செத்ததும்..." என்று ஓரிடத்தில் சொன்னார்கள். ஒருவர் தோளைச் சொன்னார். காலண்டரை இப்போதும் யாரும் சொல்லவில்லை.

சத்தத்தை மட்டும் கடைசியில் சேர்த்தேன். மாண்டேஜ் முழுக்க ஒரே கத்திரிச் சத்தம் நிற்காமல் ஓடுகிறது. படம் வருடங்களைத் தாண்டினாலும் சத்தம் தாண்டுவதில்லை. கை தலையில் படும்போது கத்திரி நிற்கிறது, பிறகு ஆற்றுச் சத்தம், கத்தி வழிக்கும் சத்தம். கத்திரியின் 'சக்' சரியாக வெட்டு விழும் ஃபிரேமில் வந்தால் வெட்டு முகத்தில் அறைந்தது, இரண்டு மூன்று ஃபிரேம் முன்னால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு போனது. கடையில் பதிவு செய்ததில் தெருவில் போகும் பைக் எல்லாம் விழுந்திருந்ததால், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் கத்திரியைத் திறந்து மூடிப் பதிவு செய்தேன். அம்மாவின் தையல் கத்திரி.

முடிந்த படத்தை அண்ணனுக்குக் கடையிலேயே போட்டுக் காட்டினோம், இரவு கடை சாத்திய பிறகு. முழுதாகப் பார்த்தார். ஆற்று ஷாட் வந்தபோது திரையைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தார். முடிந்ததும் நான் பேச்சுக்காகக் காத்திருந்தேன்.

"எல்லாம் நல்லாருக்கு தம்பி. அந்தக் கத்திரிச் சத்தம் யாருது?"

மறுநாள் காலை ஐந்து மணிக்கு, தெருவில் பைக் ஓடத் தொடங்குவதற்குள், ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். என் தலையிலேயே வெட்டினார்.